சாம்பிள்

முதலில் நீலம் போட்டுப் பார்த்தான். அதில் மட்டும் நான்கு வகை இருந்தன. பிறகு சிவப்பு. தலை சிவந்ததோடு நிற்காமல் செயலி இடது காதையும் சிவப்பாக்கிவிட்டது. பச்சையில் கதிரவன் நோயாளிபோல் இருந்தான். சாம்பல் நிறத்தைத் தொட்டதும் கைபேசியிலிருந்து பெரியப்பா எட்டிப் பார்த்தார். பயந்துபோய் உடனே மாற்றினான்.

இருபத்து மூன்றாவது முயற்சியில்தான் அது வந்தது. நீலமும் இல்லை, பச்சையும் இல்லை. அம்மாவின் கல்யாணப் புடவையில் இருக்கும் மயில் கழுத்து நிறம். தலையை இப்படியும் அப்படியும் திருப்பினான். வீரபாண்டியில் இப்படி ஒரு தலை நடந்துபோனால் டீக்கடை முழுவதும் திரும்பிப் பார்க்கும். பார்க்கட்டுமே.

இனி அப்பாவிடம் சொல்ல வேண்டும். மொட்டைமாடிப் படிக்கட்டில் உட்கார்ந்து நான்கு நாட்களாக ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தான். "பிளஸ் டூ தேர்வு முடிந்துவிட்டது அப்பா. கல்லூரி திறக்க இரண்டு மாதம் இருக்கிறது..." அதற்குமேல் வாய் நகரவில்லை.

அப்பாவுக்கு வேலையே நிறம்தான். சாயப்பட்டறை லேபில் ஷேட் பார்ப்பவர். வெளிநாட்டுக்காரர் அனுப்பும் கையளவுத் துணியைப் பார்த்து எந்தச் சாயம் எத்தனை சதவீதம் என்று கணக்குப் போடுவார். நகக்கண்களில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் ஒட்டியிருக்கும். நொய்யல் கெட்டுப்போன வழக்கில் 2011-இல் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னபோது, கதிரவன் நான்கு வயதுக் குழந்தை. அப்பா மாதக்கணக்கில் வீட்டில் இருந்தார் என்பதும், அந்த நாட்களில் அவருடைய நகங்கள் சுத்தமாக இருந்தன என்பதும் அம்மா சொல்லித்தான் தெரியும். சாயத்தில் விளையாடுகிறேன் என்று அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது?

கடைசியாக ஒருமுறை கைபேசியை உயர்த்தினான். ஊதாவையும் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. திரையில் அவனுடைய தலைக்குப் பின்னால் இன்னொரு ஊதாத் தலை முளைத்தது.

அப்பா. துவைத்த சட்டைகளை எடுக்க மாடிக்கு வந்தவர்.

கதிரவன் கைபேசியை மடியில் கவிழ்த்தான்.

"திருப்பு கண்ணு, பார்க்கலாம்."

திருப்பினான். அப்பா குனிந்து திரையில் தன் தலையை வெகுநேரம் பார்த்தார். வேலைக்கு வரும் துணியையும் அப்படித்தான் பார்ப்பார், கண்ணைச் சற்றே சுருக்கி.

"உன்னைவிட எனக்குத்தான் நன்றாக ஏறியிருக்கிறது. வெள்ளை முடி அல்லவா." பிறகு கேட்டார். "இதுதான் வேண்டுமா?"

"இல்லை அப்பா. மயில் கழுத்து." ஒத்திகை பார்த்த ஒரு வரியும் நினைவுக்கு வரவில்லை. சேமித்து வைத்திருந்த படத்தைக் காட்டினான்.

"இது உன் தலையில் வராது."

கதிரவனின் முகம் சுருங்கியது.

"கறுப்புத் துணியைக் கொடுத்து மயில் கழுத்து போடு என்றால் நான் என்ன செய்வேன்? முதலில் பிளீச் செய்ய வேண்டும். கறுப்பு போய் வைக்கோல் நிறம் வந்த பிறகுதான் இந்த நிறம் உட்காரும். பிளீச்சில் நூல் நைந்துபோகும். முடியும் அப்படித்தான். உன் போன் அதையெல்லாம் சொல்லாது."

"அப்படியென்றால் வேண்டாமா?"

"நான் வேண்டாம் என்றேனா? எந்த வெளிச்சத்தில் பார்த்தாய்?"

"என் அறையில். டியூப் லைட்டில்."

அப்பா உச்சுக்கொட்டினார். டியூப் லைட்டில் சரியென்று அனுப்பிய ஒரு லாட், கடை விளக்கில் வேறு நிறம் காட்டித் திரும்பி வந்த கதையை ஆரம்பித்தார். மூன்று டன் துணி. கதிரவன் அதைப் பத்துமுறையாவது கேட்டிருப்பான். இன்று குறுக்கிடவில்லை.

கதை முடிந்ததும் அப்பா கீழே இறங்கிப் போனார். சட்டைகள் கொடியிலேயே கிடந்தன. திரும்பி வந்தபோது கையில் அம்மாவின் தையல் கத்தரிக்கோலும் ஒரு துண்டு நூலும் இருந்தன.

"சாம்பிள் ஓகே ஆகாமல் பல்க்கில் இறங்கக் கூடாது. பட்டறைச் சாயம் பருத்திக்குத்தான், தலைக்கு ஆகாது. சலூனில் கொடுத்து இந்த ஒரு கற்றையில் மட்டும் போட்டுத் தரச் சொல்வோம். நம் லேப் பெட்டியில் மூன்று வெளிச்சத்திலும் வைத்துப் பார்க்கிறேன். காதுக்குப் பின்னால் மருந்தைத் துளி தடவி இரண்டு நாள் பார்க்க வேண்டும், அரித்தால் பேச்சே இல்லை."

"அம்மா?"

"அதை நீதான் சொல்ல வேண்டும். எனக்குத் தைரியம் இல்லை."

கதிரவன் தலையைக் குனிந்தான். நீலம் படிந்த விரல்கள் பிடரி முடியைப் பிரித்து, வெளியே தெரியாத இடமாகத் தேடின. கத்தரிக்கோல் கழுத்தில் சில்லென்று பட்டது.

"ஆடாதே," என்றார் அப்பா.