வடிவியல், அளவியல் தேற்றத் தாள்: பத்தாம் வகுப்பு, தமிழ் வழி, கொழிஞ்சாம்பாறை

மார்ச் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வுக்கு முன் கையில் வைத்துக்கொள்ள இந்தத் தாள். பாதிப் பேர் டியூஷனில் மலையாளத்தில் படிக்கிறீர்கள். அங்கே கேட்கிற ஞாண் நம் நாண், தொடுவர நம் தொடுகோடு, சரிவுயரம் நம் சாயுயரம், வியாப்தம் நம் கனஅளவு. விடைத்தாளில் தமிழ்ச் சொல்லையே எழுதுங்கள்.

நிரூபணம் வராமல் முழிக்கும்போது படத்தில் ஒரு கோடு கூடுதலாக இழுத்துப் பாருங்கள். கீழே ஒவ்வொன்றிலும் அந்தக் கோடு எது என்று சொல்லியிருக்கிறேன்.

1. அரைவட்டக் கோணம் 90°

```
               C
            . / \
        .    /   \
     .      /      \
  A--------O--------B
```

AB விட்டம், O மையம். C-ஐ O-வுக்கு நேர் மேலே வைக்காதீர்கள்; வைத்தால் எல்லாக் கோணமும் 45° போலத் தெரிந்து, அதையே நிரூபணமாக எழுதிவிடுவீர்கள்.

கூடுதல் கோடு: OC. OA = OC, ஆகவே A-யிலும் C-யிலும் x, x. OB = OC, ஆகவே B-யிலும் C-யிலும் y, y. மொத்தம் 2x + 2y = 180°. C-யில் உள்ள கோணம் x + y = 90°.

C வட்டத்துக்குள் இருந்தால் கோணம் 90°-ஐவிடப் பெரிது, வெளியே இருந்தால் சிறிது. ஒரு மதிப்பெண் கேள்வி பெரும்பாலும் இதில்தான்.

2. வட்ட நாற்கரம்: எதிர்க்கோணங்களின் கூடுதல் 180°

கூடுதல் கோடுகள்: OB, OD. ஒரு வில் மையத்தில் தாங்கும் கோணம், வட்டத்தின் மீதி விளிம்பில் தாங்குவதைப் போல் இரு மடங்கு. மையத்தில் இரண்டும் சேர்ந்து 360°, பாதி 180°. அவ்வளவுதான்.

3. நாண்கள் P-யில் வெட்டினால் PA × PB = PC × PD

படம்: வட்டத்துக்குள் AB, CD என்று குறுக்கே இரண்டு நாண்கள். கூடுதல் கோடுகள்: AC, BD. P-யில் குத்தெதிர்க் கோணங்கள் சமம். A-யிலும் D-யிலும் உள்ளவை ஒரே வில் CB-யின் மீது நிற்பதால் சமம். முக்கோணங்கள் PAC, PDB வடிவொத்தவை; PA/PD = PC/PB. பெருக்கினால் முடிந்தது.

AB விட்டமாகவும் CD அதற்குச் செங்குத்தாகவும் இருந்தால் PA × PB = PC². 9 செ.மீ., 4 செ.மீ. பக்கமுள்ள செவ்வகத்துக்குச் சமப் பரப்பில் சதுரம் வரையச் சொன்னால் வழி இதுதான்: AB = 13, PA = 9, P-யில் செங்குத்து. PC = 6 வரும்.

4. தொடுகோடுகள்

தொடுபுள்ளியில் ஆரம் தொடுகோட்டுக்குச் செங்குத்து. வெளிப்புள்ளி P-யிலிருந்து இரு தொடுகோடுகள் PA = PB. கூடுதல் கோடு OP: கர்ணம் பொது, ஆரங்கள் சமம், இரு செங்கோண முக்கோணங்களும் சர்வசமம்.

முக்கோணத்தின் உள்வட்ட ஆரம் r = பரப்பு ÷ அரைச்சுற்றளவு. உள்வட்ட மையத்திலிருந்து மூன்று மூலைகளுக்கும் கோடு போடுங்கள். மூன்று முக்கோணங்கள், எல்லாவற்றுக்கும் உயரம் r. கூட்டினால் ½ × r × சுற்றளவு.

13, 14, 15 மீட்டர் பக்கமுள்ள மூலை மனை. s = 21.

```
√(21 × 8 × 7 × 6) = 84
```

84 ச.மீ., இரண்டு சென்டுக்குக் கொஞ்சம் கூட. அதில் வெட்டக்கூடிய மிகப் பெரிய வட்டக் கிணற்றின் ஆரம் 84 ÷ 21 = 4 மீ. கிணறு வெட்டியபின் வீட்டுக்கு இடம் எங்கே என்று கேட்காதீர்கள்.

5. கூம்பு

```
      P
     /|\
  l / |h\
   /  |  \
  A---O---B
    r
```

l² = r² + h². வளைபரப்பு πrl: கூம்பை வெட்டி விரித்தால் ஆரம் l உள்ள வட்டக்கோணப்பகுதி; அதன் பரப்பு ½ × வில் × ஆரம் = ½ × 2πr × l. மையக்கோணம் x என்றால் x/360 = r/l. கனஅளவு ⅓πr²h, மணலை மூன்று முறை அளந்து உருளையில் கொட்டிப் பார்த்தது நினைவிருக்கும்.

நெற்களத்துக் கணக்கு: குவியலைச் சுற்றிக் கயிறு பிடித்தால் 22 மீ., உயரம் 1.2 மீ. π = 22/7 என்று கொண்டால் r = 3.5.

```
l = √(12.25 + 1.44) = 3.7
கனஅளவு = 1/3 × 22/7 × 12.25 × 1.2 = 15.4 க.மீ.
தார்ப்பாய் = 22/7 × 3.5 × 3.7 = 40.7 ச.மீ.
```

மழை வரும்போது தார்ப்பாய்க்கு உயரத்தைப் போட்டு πrh என்று பெருக்குகிறவர்கள் ஒவ்வொரு வருஷமும் உண்டு. நெல் நனையும்.

சதுரப் பிரமிடிலும் இதே சிக்கல்: சாயுயரம் பக்கமுகத்தின் நடுவில் இறங்குவது, பக்க விளிம்பு மூலையில் இறங்குவது. l² = h² + (a/2)²; இங்கே a அடிப்பக்கம்.

6. கோளம்

பரப்பு 4πr². கோளத்தை மையத்தில் உச்சி கொண்ட குட்டிப் பிரமிடுகளாக நினையுங்கள்: ⅓ × 4πr² × r = ⁴⁄₃πr³. அரைக்கோளத்தின் வளைபரப்பு 2πr², மூடியோடு 3πr². கேள்வியில் "திண்ம" என்ற சொல் இருந்தால் மூடியைச் சேர்க்க வேண்டும்.

22/7 என்பது π அல்ல, அதைவிடத் துளி அதிகம். π/4 = 1 − 1/3 + 1/5 − 1/7 + … என்ற தொடரைப் பதினான்காம் நூற்றாண்டிலேயே கண்டவர் நம் கேரளத்து சங்கமகிராம மாதவர். தேர்வில் வராது. கணக்கில் சொல்லாவிட்டால் விடையை π வைத்தே விடுங்கள்.