கணக்காய்வுப் பொறுப்பிலிருந்து நான் விலகியது பற்றி: தங்கள் கடிதத்துக்குப் பதில்

வவுனியா
2025 நவம்பர் 12

அன்புள்ள ஐயா,

கிளிநொச்சி அரிசி ஆலைக் கம்பனியின் கணக்காய்வை ஏற்பதற்கு முன் என்னிடம் விசாரித்து நவம்பர் 3ஆம் திகதி நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. உடனே பதில் எழுதாததற்கு ஒரே காரணம், கம்பனியின் எழுத்துமூல அனுமதி என் கைக்கு வரவில்லை என்பதுதான். அது 7ஆம் திகதி வந்தது. பணிப்பாளர் இருவரின் கையொப்பமும் இருக்கிறது, கட்டுப்பாடு எதுவும் போடவில்லை. ஆகவே மறைக்காமல் எழுதுகிறேன்.

கட்டணத் தகராறால் நான் விலகினேன் என்று தங்களிடம் சொல்லப்பட்டதாக எழுதியிருக்கிறீர்கள். கட்டணம் பற்றிப் பேச்சு நடந்தது உண்மை. ரூபா 320,000 ஆக இருந்ததை 375,000 ஆக்கக் கேட்டேன், அவர்கள் யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். ரூபா 160,000 இன்னும் வரவேண்டியும் இருக்கிறது. ஆனால் அதற்காக ஆறு வருடத் தொடர்பை விடுகிற ஆள் நானில்லை. அந்த நிலுவை நீங்கள் பொறுப்பேற்பதற்குத் தடையும் இல்லை.

நான் விலகியது, எண்ணிக்கைத் தாள் ஒன்றைத் திருத்தித் தரச் சொன்னதால்.

நம் பகுதி ஆலைகளின் கணக்கு உங்களுக்குத் தெரியாததல்ல. பெரும்போக அறுவடை முடிந்து நெல் வந்து குவிந்திருக்கும்போதுதான் கணக்காண்டு முடிகிற மார்ச் 31 வருகிறது. ஐந்தொகையில் பாதிக்கு மேல் களஞ்சியத்தில் மூடையாகக் கிடக்கும். இந்த முறை அன்று நோன்புப் பெருநாள் விடுமுறை, ஆலை ஓடவில்லை. என் உதவியாளர்கள் இருவரோடு நானும் இருப்பை எண்ணப் போனேன். முன் களஞ்சியத்தில் 5,310 மூடை, பதிவேட்டோடு சரியாக வந்தது. பின்னால் வாடகைக்கு எடுத்த களஞ்சியத்தில் ஒரே ஒரு பெரிய அடுக்கு. முகப்பில் 20, உயரம் 14, உள்ளே 10 வரிசை, ஆக 2,800 என்று பதிவேடு சொல்லியது. சுவரோரமாக நின்று பார்த்தால் கணக்கு அப்படித்தான் தெரியும். ஏணி கேட்டேன். ஏணி வர முக்கால் மணி நேரம் ஆனது. மேலே ஏறிப் பார்த்தால், நடுவில் படங்கு விரித்து மூடியிருந்தது. அதை இழுத்தபோது கீழே குழி. அகலம் 12 மூடை, உள்நோக்கி 6 மூடை, ஆழம் 9 மூடை. அதாவது 648 மூடை இல்லை. 2,152 என்று தாளில் எழுதி, களஞ்சியப் பொறுப்பாளரும் என் உதவியாளரும் அங்கேயே கையொப்பமிட்டார்கள்.

மூடைக்கு 65 கிலோ வைத்தால் 42,120 கிலோ. எல்லாம் நாட்டு நெல். கம்பனியே விலை போட்ட கிலோ 120 ரூபாவில் (அரசாங்கம் இந்தப் போகத்துக்கு நாட்டு நெல்லுக்கு அறிவித்த விலையும் அதுதான்) பார்த்தால் ரூபா 5,054,400. இவர்களுடைய இலாபத்தோடு ஒப்பிட்டால் சிறிய தொகை அல்ல.

அந்த நெல் அவிப்பதற்காக வேறொரு ஆலைக்குப் போனது என்று முகாமையாளர் விளக்கினார். நடக்கக்கூடியதுதான். ஆனால் பற்றுச்சீட்டு மூன்று வாரம் கழித்துத்தான் வந்தது, அதில் லொறி இலக்கம் இல்லை, நிறை எழுதிய துண்டும் இல்லை. அந்த ஆலைக்கு நேரடியாக உறுதிப்படுத்தல் கடிதம் அனுப்பினேன், இரண்டாவது முறையும் அனுப்பினேன். பதில் இல்லை. ஜூலை 18 அன்று இவ்வளவையும் பணிப்பாளர் சபைக்கு எழுதி, இப்படியே இருந்தால் இருப்புப் பற்றி வரையறையுள்ள அபிப்பிராயம்தான் தரமுடியும் என்றேன். செப்டெம்பர் 2 அன்று ஒரு பணிப்பாளர் என் அலுவலகத்துக்கு வந்தார். வங்கிக் கடனைப் புதுப்பிக்கச் சுத்தமான அறிக்கை வேண்டும், தாளில் 2,800 என்று போட்டுப் புதிதாக ஒன்று எழுதுங்கள், களஞ்சியப் பொறுப்பாளர் கையொப்பம் வைப்பார் என்றார். மரியாதையாகத்தான் பேசினார், தேநீரும் குடித்துவிட்டுப் போனார். அன்றைக்கே அதைக் குறிப்பாக எழுதிக் கோப்பில் வைத்தேன். செப்டெம்பர் 19 அன்று காரணத்தையும் எழுதி விலகல் கடிதம் கொடுத்தேன். அந்தக் கடிதத்தைப் பங்குதாரர்களுக்குக் காட்டினார்களா என்று கட்டாயம் கேளுங்கள்.

நெல் எங்கே போனது என்று நான் சொல்லவில்லை. எனக்குக் கிடைத்த சான்று அதைக் காட்டவில்லை. முற்றத்தில் நின்றவர்கள் சொன்ன கதைகளையும் இங்கே எழுதப்போவதில்லை.

நீங்கள் ஏற்பதானால் கவனிக்கவேண்டியது இன்னும் இரண்டு. முதலாவது, மின் பட்டியல். ஒரு தொன் நெல் குற்ற எத்தனை அலகு போகிறது என்று நான் வருடாவருடம் போட்டுப் பார்ப்பேன். இந்த வருடம் அலகு கூடியது, குற்றிய நெல் பதிவேட்டில் கூடவில்லை. மோட்டார் பழுது என்றார்கள், இருக்கலாம், திருத்தியவரின் பில்லை நான் காணவில்லை. இரண்டாவது, கமக்காரருக்குக் கொடுத்த முற்பணம். 40 பேருக்குக் கடிதம் போட்டேன், 31 பேர் பதில் எழுதினார்கள், அதில் 5 பேர் பதிவேட்டில் உள்ள தொகை கூட என்கிறார்கள். விதைப்பு நேரம் காசாகக் கொடுத்து கொப்பியில் கையொப்பம் வாங்குகிற பழக்கம், கமக்காரர் மறந்திருக்கவும் கூடும். இது நான் முடிக்காமல் விட்ட வேலை, அவ்வளவுதான்.

மற்றபடி கணக்குப் பகுதியைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. அங்குள்ள இளம் கணக்காளர் கெட்டிக்காரப் பிள்ளை, பற்றுச்சீட்டை இலக்க வரிசையில் கோத்து வைத்திருப்பார். ஊழியர் சேமலாப நிதி தொழில் தருநரின் 12 வீதமும் ஊழியரின் 8 வீதமும், நம்பிக்கை நிதி 3 வீதமும் நான் பார்த்த மாதங்களில் பிந்தாமல் போயிருக்கின்றன. 2023/24 அறிக்கையில் நான் வரையறையின்றிக் கையொப்பமிட்டேன், அதை இன்றும் மாற்றச் சொல்லமாட்டேன். 2024/25 க்கு அறிக்கை கொடுக்கவில்லை.

ஆரம்ப மீதிகளுக்கு கணக்காய்வு நியமம் எஸ்எல்ஏயூஎஸ் 510 கேட்கிற வேலைக்கு என் 2023/24 தாள்களைப் பார்க்கலாம். உங்களுக்குக் கஷ்டம் இந்த மார்ச் இருப்பில்தான். அன்று நீங்கள் அங்கே இல்லை, அந்த நெல்லும் இப்போது அரிசியாகி விற்றுப்போயிருக்கும். நவம்பர் 30க்குள் வருமான வரி விவரத்திரட்டு போகவேண்டும் என்று உங்களை அவசரப்படுத்துவார்கள். அந்த அவசரத்தில் நியமனக் கடிதத்தில் கையொப்பமிடவேண்டாம் என்பது மட்டும் என் சொந்த அபிப்பிராயம்.

எண்ணிக்கைத் தாளின் மூலப்பிரதி, ஏணியில் நின்று எடுத்த படங்கள், ஜூலை 18 கடிதம், செப்டெம்பர் 2 குறிப்பு எல்லாம் என்னிடம் இருக்கின்றன. அனுமதிக் கடிதத்தில் தாள்களைக் காட்டவும் இடம் கொடுத்திருக்கிறார்கள். வரும் செவ்வாயும் புதனும் நான் முல்லைத்தீவில் நிற்பேன், மற்ற நாட்களில் அலுவலகத்தில்தான். யாழ்ப்பாணத்திலிருந்து காலைப் பஸ்ஸில் வருவதானால் முதல்நாளே சொல்லிவிடுங்கள், கோப்புகளை எடுத்து மேசையில் வைக்கிறேன்.

இக்கடிதத்தின் பிரதி ஒன்று பணிப்பாளர் சபைக்கும் போகிறது.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
பட்டயக் கணக்காளர்
(2019/20 முதல் 2023/24 வரை மேற்படி கம்பனியின் கணக்காய்வாளர்)