அத்தையின் டிஸ்சார்ஜ் சம்மரி: தாளில் உள்ளது உள்ளபடி

மாமாவுக்கு,

நேற்றிரவு நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய மூன்று படங்களில் உள்ள அத்தையின் டிஸ்சார்ஜ் சம்மரியை, நோய் விவரம், மருந்துகள், மறுபரிசோதனைத் தேதி என்று பிரித்துக் கீழே எழுதியிருக்கிறேன். தாளில் ஆங்கிலத்தில் இருப்பதை நீங்கள் கேட்டபடி தமிழ் எழுத்தில் ஒலிப்படி எழுதியதைத் தவிர, ஒரு சொல்லையும் மாற்றவோ சேர்க்கவோ விளக்கவோ இல்லை. சதுர அடைப்புக்குறிக்குள் இருப்பவை மட்டும் என் குறிப்புகள். பெயரும் ஐபி எண்ணும் இந்தத் தாளில் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

நோய் விவரம்

டிஓஏ: 27.07.2025. டிஓடி: 31.07.2025.

டயக்னோசிஸ்: சிஏடி – அக்யூட் இன்ஃபீரியர் வால் எஸ்டிஇஎம்ஐ. ப்ரைமரி பிடிசிஏ வித் டிஇஎஸ் டு ஆர்சிஏ டன் ஆன் 27.07.2025. மைல்ட் எல்வி டிஸ்ஃபங்ஷன், ஈஎஃப் 48%. டைப் 2 டிஎம். சிஸ்டமிக் ஹைப்பர்டென்ஷன்.

கண்டிஷன் அட் டிஸ்சார்ஜ்: ஸ்டேபிள். பிபி 130/80.

[அவசரத்துக்கு வேறு மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால், "டிஇஎஸ் டு ஆர்சிஏ" என்பதையும் அதன் தேதியையும் அங்கே முதலில் காட்டுங்கள், எந்த இரத்தக் குழாயில், என்றைக்கு ஸ்டென்ட் வைத்தார்கள் என்பதை அதுதான் சொல்கிறது.]

மருந்துகள்

1. டேப். ஆஸ்பிரின் 75 மி.கி. 0-1-0 ஆஃப்டர் ஃபுட் x 2 வீக்ஸ்
2. டேப். டிகாக்ரெலார் 90 மி.கி. 1-0-1 x 2 வீக்ஸ். டு நாட் ஸ்டாப்.
3. டேப். அடோர்வாஸ்டாடின் 40 மி.கி. 0-0-1 x 2 வீக்ஸ்
4. டேப். மெட்டோப்ரோலால் சக்சினேட் 25 மி.கி. 1-0-0 x 2 வீக்ஸ்
5. டேப். ராமிப்ரில் 2[தெளிவில்லை]5 மி.கி. 0-0-1 x 2 வீக்ஸ்
6. டேப். பேன்டாப்ரசோல் 40 மி.கி. 1-0-0 பிஃபோர் ஃபுட் x 2 வீக்ஸ்
7. டேப். மெட்ஃபார்மின் 500 மி.கி. 1-0-1 ஆஃப்டர் ஃபுட் x 2 வீக்ஸ்
8. டேப். ஐசோசார்பைடு டைநைட்ரேட் 5 மி.கி. எஸ்/எல் எஸ்ஓஎஸ்

[ஐந்தாவது வரியில் தாளின் மடிப்பு சரியாக எண்ணின் நடுவே விழுந்திருக்கிறது. 2-க்கும் 5-க்கும் இடையில் இருப்பது புள்ளியா, மடிப்பின் நிழலா என்று படத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் தெரியவில்லை. ராமிப்ரில் வழக்கமாக 2.5 மி.கி. அளவில் தரப்படுவது என்பது எனக்குத் தெரிந்திருந்தும், தாளில் கண்ணுக்குத் தெரியாததை என் ஊகத்தால் நிரப்பி எழுத மனம் ஒப்பவில்லை, ஏனென்றால் இந்த வரியைப் பார்த்துத்தான் நீங்கள் மாத்திரை எடுத்துக் கொடுக்கப்போகிறீர்கள். இது இரவு மாத்திரை என்பதால், இன்று மாலைக்குள் வார்டுக்குத் தொலைபேசியில் பேசி அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். அட்டையில் அச்சாகியிருக்கும் எண்ணையும் அவர்களிடம் வாசித்துக் காட்டுங்கள்.]

[ஏழாவது வரியைப் பற்றியும் ஒன்று கேட்க வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து தரும் சர்க்கரை மாத்திரை அத்தையின் டப்பாவில் இன்னும் இருக்கிறது. அதற்குப் பதிலாக இதைக் கொடுப்பதா, இரண்டையும் கொடுப்பதா என்பது பற்றித் தாளில் ஒரு சொல்லும் இல்லை. வார்டில் கேட்கும்வரை இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள்.]

மறுபரிசோதனைத் தேதி

ரிவ்யூ ஆஃப்டர் 2 வீக்ஸ் இன் கார்டியாலஜி ஓபிடி வித் இசிஜி, எஃப்பிஎஸ், பிபிபிஎஸ், சீரம் கிரியேட்டினின். [இது அச்சு.]

18.8.25 [இது அதே வரியின் ஓரத்தில் நீலப் பேனாவால் எழுதியது, கையொப்பம் இல்லை.]

ரிப்போர்ட் இம்மீடியட்லி இன் கேஸ் ஆஃப் செஸ்ட் பெயின், பிரெத்லெஸ்னஸ், ப்ளீடிங்.

[டிஸ்சார்ஜ் ஆன 31.07.2025-இலிருந்து இரண்டு வாரம் என்றால் 14.08.2025, வியாழக்கிழமை வருகிறது. பேனாவில் இருப்பதோ திங்கட்கிழமை. எது சரி என்று நான் முடிவு செய்யாமல் இரண்டையும் இருந்தபடியே விட்டிருக்கிறேன். ஆனால் முதல் ஏழு மாத்திரைகளும் இரண்டு வாரத்துக்கு மட்டுமே எழுதப்பட்டிருப்பதால், திங்கட்கிழமைதான் போக வேண்டும் என்று சொன்னால் இடையில் சில நாட்களுக்கு மாத்திரை இருக்காது. ஸ்டென்ட் வைத்தவர்கள் ஆஸ்பிரினையும் டிகாக்ரெலாரையும் திடீரென்று நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள் இரத்தம் உறையும் ஆபத்து உண்டு. "டு நாட் ஸ்டாப்" என்று தாளிலேயே இருக்கிறது. ஆகவே தேதியைக் கேட்கும் அதே பேச்சில், அந்த நாட்களுக்கான மாத்திரைக்குச் சீட்டு எங்கே வாங்குவது என்பதையும் கேட்டுவிடுங்கள்.]

இரண்டாவது படத்தின் அடிப்பகுதி விரல் பட்டு மறைந்திருப்பதால், அங்கே இன்னொரு வரி இருக்கிறதா என்று என்னால் சொல்ல முடியவில்லை. தாளை மேசைமேல் நன்றாக விரித்து, மடிப்பை நீவிவிட்டு, அந்தப் பக்கத்தை மட்டும் மறுபடியும் படமெடுத்து அனுப்புங்கள் மாமா. வந்தவுடன் ஐந்தாவது வரியையும் அடிப்பகுதியையும் பார்த்து எழுதி, திருத்திய தாளை அனுப்புகிறேன்.