கிளினிக் காத்திருப்பு அறை: படத்துக்கான ப்ராம்ப்ட்

கும்பகோணத்தில் ஒரு பழைய வீட்டின் முன்கூடத்தை மாற்றிக் கட்டிய சிறிய கிளினிக்கின் காத்திருப்பு அறை. நிஜ ஃபோட்டோ போல இருக்க வேண்டும், ஓவியச் சாயல் வேண்டாம். அறை 20 அடி நீளம், 13 அடி அகலம், 10 அடி உயரம். நேரம் தை மாதக் காலை, பத்து மணி. வாசல் கதவருகே நின்று, உட்கார்ந்திருப்பவரின் கண் உயரத்திலிருந்து, அதாவது தரையிலிருந்து ஏறக்குறைய நான்கு அடியில் எடுத்த படம். அகலமான கோணம், ஆனால் சுவர்க் கோடுகள் சாயாமல் செங்குத்தாக நிற்கட்டும்.

இந்தப் படத்தின் உயிரே வெளிச்சம்தான். இடது சுவரில் வடக்கு பார்த்த அகலமான ஜன்னல், பால் நிறக் கண்ணாடி. தை மாதத்தில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும், அதனால் இந்த ஜன்னலில் நேர் வெயில் விழாது, வானத்து வெளிச்சம் மட்டும் மெதுவாக உள்ளே வரும். தரையில் வெயில் கட்டங்களோ கம்பி நிழலோ எங்கும் தெரியக் கூடாது. கூரையில் இரண்டடிக்கு இரண்டடி பேனல் லைட் ஆறு, கூரையோடு சமமாகப் பதித்தவை, 4000 கெல்வின். மஞ்சளும் இல்லை, நீலம் பாய்ந்த வெள்ளையும் இல்லை. நாற்காலிக்குக் கீழே மட்டும் லேசான நிழல் இருக்கலாம். முகத்தில் வெளிச்சம் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கக் கூடாது. அழகுக்காக மட்டும் இதைக் கேட்கவில்லை. தலைவலியோடு வந்தவருக்குக் கண் கூசக் கூடாது. அப்புறம், மஞ்சள் பல்பின் கீழே காமாலைக் கண்ணை யாராலும் சட்டென்று கண்டுபிடிக்க முடியாது. கவுண்டரில் இருக்கும் நர்ஸுக்கு வருகிறவரின் தோல் நிறம் உள்ளபடி தெரிய வேண்டும். அதனால் சுவரும் அடர்ந்த நிறமாக வேண்டாம், அது முகத்தில் பிரதிபலிக்கும். மேலே வெளிர் வெள்ளை, கீழே நான்கடி உயரம் வரை கழுவக்கூடிய பெயின்ட், வெந்த பச்சைப்பயறு அளவுக்கு மங்கிய பச்சை.

தரை மேட் ஃபினிஷ் வினைல், இணைப்பு தெரியாமல் விரித்தது, இளம் சாம்பல். சுவரைத் தொடும் இடத்தில் அது வளைந்து நான்கு அங்குலம் மேலே ஏறட்டும். மூலையில் அழுக்கு அடையாமல் மாப் வழுக்கிக்கொண்டு போவதற்கு அந்த வளைவுதான் வழி. அது படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். தரை கண்ணாடி மாதிரி பளபளக்க வேண்டாம். பளபளப்பைப் பார்த்தால் வயதானவர்கள் ஈரம் என்று நினைத்துக் கால் வைக்கத் தயங்குவார்கள்.

இருக்கைகள் பதினொன்று, அதற்கு மேல் ஒன்றுகூட வேண்டாம். இடது சுவரோடு மூன்று பேர் அமரும் வரிசை இரண்டு, வலது சுவரோடு மூன்று பேர் வரிசை ஒன்று, இரண்டு பேர் வரிசை ஒன்று. அந்த வலது வரிசைகளுக்கு நடுவே மூன்றடி காலி இடம், சக்கர நாற்காலி வந்து நிற்க. அறையின் நடுப்பகுதி முழுக்கக் காலி, டீப்பாய் கிடையாது. இருக்கைகள் சுவரில் பொருத்தியவை, தரையில் கால் ஊன்றாதவை. அடியில் துடைப்பம் தடையில்லாமல் போகும். இருக்கை உயரம் 18 அங்குலம். ஒவ்வொன்றுக்கும் ஸ்டீல் கைப்பிடி வேண்டும், முட்டிவலிக்காரர் ஊன்றி எழ அதுதான் துணை. மேலே சாம்பல் பச்சை ரெக்சின், தையல் இல்லாதது, பட்டன் குழி இல்லாதது.

முன்னால், வலது ஓரத்து இருக்கையை மட்டும் நெருக்கமாகக் காட்டு. இப்போதுதான் ஒருவர் துடைத்துவிட்டுப் போயிருக்கிறார். ரெக்சின் மேல் துணி போன ஈரத் தடம், ஒரு பாதி காய்ந்துவிட்டது, மறுபாதியில் இன்னும் மெல்லிய மினுக்கம். கைப்பிடியின் அடிப்பக்கத்தில் ஒரு நீர்த்துளி.

மூன்று பேர் போதும். வெள்ளைச் சேலைப் பாட்டி ஒருவர், இரு கையையும் கைப்பிடிமேல் வைத்து நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார். ஒரு இளம் தாய், தோளில் தூங்கும் குழந்தை. தாயின் முகம் நம் பக்கம் திரும்பியிருக்க வேண்டாம். யாரும் கேமராவைப் பார்க்கவில்லை, யாரும் சிரிக்கவும் வேண்டாம். உடம்பு சரியில்லாமல் வந்தவர்கள் சிரித்துக்கொண்டா இருப்பார்கள்?

அறையின் கடைசியில் தாழ்வான கவுண்டர், வளைந்த விளிம்பு, மேலே ஒரு டோக்கன் பலகை. அதில் 7 என்ற எண் மட்டும். வேறு எழுத்து எங்கும் வேண்டாம். கதவுக்கு வெளியே செருப்பு ஸ்டாண்டில் மூன்று ஜோடி, ஒன்று குழந்தையினுடையது.

வேண்டாதவை: டிவி, மருந்துக் கம்பெனி காலண்டர், பிளாஸ்டிக் பூ, துணித் திரை, தொங்கும் வயர், பத்திரிகைக் குவியல், நட்சத்திர ஹோட்டல் லாபித் தோற்றம், மூடுபனி போன்ற மங்கல். படம் கிடைமட்டமாக, 3:2 அளவில்.