தீபாவளி லேகியம்: பாட்டியின் கைச்சீட்டு, உள்ளது உள்ளபடி

பழைய கணக்கு நோட்டின் நடுவில் இருந்த ஒற்றைத் தாள். நீல மசி. எண்ணையும் அளவுப் பெயரையும் தாளில் உள்ளபடியே எழுதியிருக்கிறேன். [ ] அடைப்புக்குள் இருப்பது மட்டும் என்னுடையது.

விஜய ௵ ஐப்பசி ௴ [1953]

தீபாவளி லேகியம்

சுக்கு ௨ பலம்
மிளகு ௧ பலம்
தனியா ௧ பலம்
சீரகம் அரைப் பலம்
ஓமம் கால் பலம்
திப்பிலி ௩ வ எடை
கண்டந்திப்பிலி ௫ வ எடை
சித்தரத்தை ௫ [எண்ணெய்க் கறை, ௬ ஆகவும் இருக்கலாம்] வ எடை
வெல்லம் ௰ பலம்
நெய் அரை ஆழாக்கு
நல்லெண்ணை அரை ஆழாக்கு
தேன் கால் ஆழாக்கு

சரக்குகளைப் புடைத்து வெய்யிலில் காயவைத்து இடித்து வஸ்திரகாயம் செய்யவும். வெல்லத்தை உழக்கு ஜலம் விட்டுக் கரைத்து வடிகட்டி உருளியில் வைக்கவும். பாகு கம்பிப் பதம் வந்ததும் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாய்த் தூவிக் கிண்டவும். கட்டி தட்டக்கூடாது. நெய்யும் எண்ணையும் விட்டு விட்டுக் கிண்ட, கையில் ஒட்டாமல் சுருண்டு வரும். இறக்கி ஆறின பின் தேன். சூட்டில் விடாதே.

பெரியவர்களுக்கு கொட்டைப்பாக்கு அளவு, பிள்ளைகளுக்கு சுண்டைக்காய் அளவு. வயிற்றுப் பொருமலுக்கும் ஆகும். கர்ப்பஸ்திரீகளுக்குக் கூடாது.

[ஓரத்தில், பென்சிலில், வேறு கை:] ஓமம் கூட்டிக்கொள்

[சீட்டு முடிந்தது]

அந்த ‘வ’ பற்றி ஒரு வார்த்தை. பழைய கணக்கில் ‘வ’ என்றால் கால். அப்படிப் படித்தால் திப்பிலி மூன்றேகால் எடை. எந்த எடை என்றே இல்லாமல் நிற்கும். மேல் வரியிலேயே கால் பலத்தைக் ‘கால்’ என்று எழுத்தில் எழுதியவர் அடுத்த வரியில் குறிக்கு மாறியிருக்க மாட்டார். ஆகவே இது வராகனெடை என்பதே என் கணிப்பு. ஆனாலும் விரித்து எழுதவில்லை; ‘வ’ ‘வ’வாகவே இருக்கட்டும். ‘நல்லெண்ணை’யையும் திருத்தவில்லை.

பென்சில்காரர் எவ்வளவு கூட்டச் சொன்னார் என்று தாளில் இல்லை. அதனால் ஓமம் கால் பலம்தான்.

கிராம் கேட்டு யாராவது போன் செய்வீர்கள், தெரியும். அது சீட்டுக்குள் வராது; இங்கே வெளியே வைக்கிறேன்: பலம் சுமார் 35 கிராம், வராகனெடை 4 கிராமுக்குச் சற்று மேல், ஆழாக்கு சுமார் 168 மில்லி, உழக்கு அதைப்போல் இரண்டு மடங்கு. கொட்டைப்பாக்குக்கும் சுண்டைக்காய்க்கும் கிராம் கிடையாது. கண்ணால் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.