மூன்று வருடம் கட்டியும் கடன் குறையவில்லையே, தம்பி

(மதியத்துக்கு மேல், கூட்டம் ஓய்ந்த நேரம். கடன் பிரிவு மேசைக்கு எதிரே வாடிக்கையாளர் ஒரு ஸ்டேட்மெண்ட்டை விரித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.)

வாடிக்கையாளர்: தம்பி, இந்தக் கணக்கில் ஏதோ தப்பு இருக்கிறது. 10 லட்சம் கடன் வாங்கினேன். மாதம் 8,997 ரூபாய், ஒரு மாதம்கூடத் தவறவிடாமல் 36 தவணை கட்டியிருக்கிறேன். கூட்டிப் பார்த்தால் 3 லட்சத்து 24 ஆயிரம் ஆகிறது. இன்னும் 9,38,384 பாக்கி என்று போட்டிருக்கிறீர்கள்!

எழுத்தர்: கொடுங்கம்மா, பார்க்கிறேன். 9 சதவீத வட்டி, 20 வருடம், மொத்தம் 240 தவணை. தொகை சரியாகத்தான் இருக்கிறது. உங்கள் பணத்தில் அசலுக்குப் போனது சுமார் 61,600. மீதி 2,62,000 சொச்சம் வட்டி.

வாடிக்கையாளர்: அதைத்தான் கேட்கிறேன். 20 வருட வட்டியையும் முதலிலேயே வசூல் செய்துவிடுகிறீர்கள், அப்படித்தானே? எங்கள் வீட்டில் எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள்.

எழுத்தர்: நிறைய பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் வரப்போகிற மாதத்து வட்டி ஒரு பைசாகூட உங்களிடம் இதுவரை வாங்கவில்லை. இந்தப் பேனாவைப் பிடியுங்கள், நீங்களே போட்டுப் பாருங்கள். வருடத்துக்கு 9 சதவீதம் என்றால் மாதத்துக்கு?

வாடிக்கையாளர்: முக்கால் சதவீதம்.

எழுத்தர்: முதல் மாதம் முழுக்க உங்கள் கையில் இருந்தது 10 லட்சம். அதற்கு முக்கால் சதவீதம்?

வாடிக்கையாளர்: 7,500.

எழுத்தர்: அதுதான் அந்த ஒரு மாதத்துக்கான வட்டி. நீங்கள் கட்டியது 8,997. வட்டி போக மிஞ்சிய 1,497 அசலில் கழிந்தது. அடுத்த மாதம் பாக்கி 9,98,503. அதற்கு வட்டி 7,489. அசலுக்கு 1,508. பார்த்தீர்களா, வட்டி 11 ரூபாய் இறங்கியது, அசல் அதே 11 ரூபாய் ஏறியது. இப்படியே நகர்ந்து போன மாதம் வட்டி 7,052, அசல் 1,945 என்று வந்திருக்கிறது. பாக்கி பெரிதாக இருக்கும்வரை வட்டியும் பெரிதாகத்தான் இருக்கும்.

வாடிக்கையாளர்: சரி, வட்டியை ஏன் முதலில் எடுக்க வேண்டும்? 8,997-ஐயும் அசலில் கழித்துக்கொண்டு, வட்டியை அப்புறம் வாங்கினால் என்ன?

எழுத்தர்: கழித்துப் பாருங்கள். அசல் 9,91,003 ஆகிவிடும். ஆனால் அந்த மாதத்து வட்டி 7,500 கட்டாமல் நிற்கும். அதுவும் நீங்கள் தர வேண்டிய பணம்தானே? இரண்டையும் கூட்டுங்கள்.

வாடிக்கையாளர்: 9,98,503... அதே தொகைதான் வருகிறது.

எழுத்தர்: எந்தப் பெயரில் வரவு வைத்தாலும் கடன் குறைவது 1,497 மட்டும்தான் அம்மா. இன்னொன்றும் சொல்கிறேன். தவணை 7,500 என்று வைத்திருந்தால் வட்டிக்கே சரியாகப் போயிருக்கும். 20 வருடம் கழித்தும் 10 லட்சம் அப்படியே நிற்கும். அதற்கு மேல் நீங்கள் கட்டும் அந்தச் சின்னத் தொகைதான் கடனைக் கரைக்கிறது.

வாடிக்கையாளர்: அப்படியானால் எப்போதுதான் அசல் பெரிதாகும்?

எழுத்தர்: 149-ஆவது தவணையில் வட்டியை அசல் முந்தும். அதாவது 12 வருடம் தாண்டி. கடைசித் தவணையில் வட்டி 67 ரூபாய்தான், மற்றது முழுக்க அசல்.

வாடிக்கையாளர்: 12 வருடமா! அசலை 240 பங்காகச் சமமாகப் பிரித்திருக்கலாமே?

எழுத்தர்: பிரிக்கலாம், அப்படியும் ஒரு முறை இருக்கிறது. மாதம் அசல் 4,167, கூடவே பாக்கிக்கு உண்டான வட்டி. முதல் மாதம் நீங்கள் 11,667 கட்ட வேண்டியிருக்கும். போகப்போகக் குறைந்து கடைசியில் 4,198-இல் முடியும். கடன் வாங்கிய புதிதில் உங்களால் அவ்வளவு முடிந்திருக்குமா?

வாடிக்கையாளர்: முடியாது. 9,000-க்கே அப்போது திணறினேன்.

எழுத்தர்: அதனால்தான் தவணையை ஒரே அளவாக வைக்கிறோம். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு, மறைக்க மாட்டேன். சம அசல் முறையில் மொத்த வட்டி 9,03,750. உங்கள் முறையில் 11,59,000 சொச்சம். பணம் உங்களிடம் கூடுதல் காலம் இருப்பதால் வருகிற வித்தியாசம் அது. வட்டி விகிதம் இரண்டிலும் ஒன்றுதான். இதே கடனை 10 வருடத்துக்கு வாங்கியிருந்தால் தவணை 12,668, மொத்த வட்டி 5,20,000 அளவில் முடிந்திருக்கும். இதைக் கையெழுத்துப் போட்ட அன்றே யாராவது உங்களுக்கு எழுதிக் காட்டியிருக்க வேண்டும்.

வாடிக்கையாளர்: யாரும் காட்டவில்லை தம்பி. தவணை எவ்வளவு என்று மட்டும் சொன்னார்கள், நானும் அதை மட்டும்தான் கேட்டேன். சரி, நடந்தது நடந்துவிட்டது. இப்போது என்ன செய்யலாம்? ஒரு சீட்டு முடிந்து 50,000 வந்திருக்கிறது. பேசாமல் அதை அப்படியே வைத்துக்கொள்ளலாமா என்று பார்க்கிறேன். முக்கால்வாசி வட்டி கட்டியாயிற்று என்றால் இனி முன்கூட்டிக் கட்டி என்ன லாபம்?

எழுத்தர்: அங்கேதான் கணக்கு உங்கள் பக்கம் திரும்புகிறது. மொத்த வட்டியில் கால்வாசிகூட நீங்கள் இன்னும் கட்டவில்லை. 8,97,000 வட்டி இனிமேல்தான் வரப்போகிறது. பாக்கி இருந்தால்தான் அது வரும். இன்றைக்கு 50,000-ஐ அசலில் போட்டால் பாக்கி 8,88,384. தவணை அதே 8,997 என்றால், மீதமுள்ள 204 தவணை 181 ஆகிவிடும். வட்டியில் 1,60,000 அளவுக்கு மிச்சம்.

வாடிக்கையாளர்: 50,000-க்கா?

எழுத்தர்: 17 வருடம் அந்த 50,000-க்கு வட்டி ஓடாது என்பதால். இதையே கடைசி ஐந்து வருடம் இருக்கும்போது கட்டினால் 26,000 சொச்சம்தான் மிஞ்சும். ஒப்பந்தத்தில் பார்த்துவிட்டேன், முன்கூட்டிக் கட்டுவதற்கு உங்கள் கடனில் அபராதம் கிடையாது. ஆனால் விண்ணப்பத்தில் ஒரு கேள்வி வரும்: தவணையைக் குறைப்பதா, காலத்தைக் குறைப்பதா என்று. தவணையைக் குறைத்தால் மாதம் 479 ரூபாய் இறங்கும், மொத்த வட்டியில் 48,000 போலத்தான் மிச்சமாகும். நான் சொன்ன 1,60,000 காலத்தைக் குறைத்தால்தான்.

வாடிக்கையாளர்: அப்போது கண்ணை மூடிக்கொண்டு காலம்தான்.

எழுத்தர்: கண்ணைத் திறந்துகொண்டே போடுங்கள். ஆஸ்பத்திரிச் செலவு, வேலை போவது என்று ஏதாவது வந்தால் தாக்குப்பிடிக்கக் கையிருப்பு இருக்கிறதா? கடனில் போட்ட பணத்தை நினைத்த நேரத்தில் திரும்ப எடுக்க முடியாது.

வாடிக்கையாளர்: நாலு மாதத் தவணைக்குத் தனியாக வைத்திருக்கிறேன். அதைத் தொட மாட்டேன். ஆனால் நீங்கள் சொன்ன பிறகு 50,000 முழுசும் வேண்டாம், 40,000 போடுகிறேன். பத்தாயிரம் கையில் இருக்கட்டும்.

எழுத்தர்: நல்லது. இந்த விண்ணப்பத்தில் "காலத்தைக் குறைக்க" என்பதில் குறி போடுங்கள். பணம் வரவானதும் புதிய தவணை அட்டவணை அச்சடித்துத் தருகிறேன். வாங்காமல் போகாதீர்கள்.

வாடிக்கையாளர்: அந்த அட்டவணையில் வட்டி, அசல் இரண்டும் தனித்தனியாக இருக்குமா?

எழுத்தர்: மாதாமாதம் தனித்தனியாக இருக்கும் அம்மா. பேனா இதோ.