அஸ்தம்பட்டி புத்தகக் கடை, அரையாண்டு லீவு புத்தகத் திருவிழா: பின்னணிக் குரல்

(பெண் குரல். பக்கத்து வீட்டு அக்கா திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி. தேதியும் நேரமும் வரும் இடத்தில் மட்டும் நிதானம். சுமார் இரண்டே முக்கால் நிமிடம்.)

[உண்டியல் குலுங்கும் சத்தம்]

உங்க வீட்டு உண்டியலும் இப்படிக் கனமாயிடுச்சுங்களா? உடைக்காம அப்படியே கொண்டாங்க. குழந்தை கண்ணு முன்னாடியே உடைச்சு எண்ணித் தர்றோம். ஒத்த ரூபாய்க் காசா இருந்தாலும் வாங்கிக்குவோம். சொல்லப்போனா, சில்லறை எங்களுக்குத்தான் வேணும்.

[இசை, தாழ்ந்து]

அஸ்தம்பட்டி ரவுண்டானா பக்கத்துல, நம்ம புத்தகக் கடை. டிசம்பர் 25 முதல் ஜனவரி 1 வரைக்கும். காலைல 10 மணியிலிருந்து ராத்திரி 9 மணி வரை. எல்லாப் புத்தகத்துக்கும் 10 சதவீதம் தள்ளுபடி. ஏற்காட்டுலருந்து இறங்கி வர்றவங்க கோரிமேடு தாண்டுனதும் அஸ்தம்பட்டியிலயே இறங்கிக்கங்க. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்த் திரும்ப வேண்டாம்.

சாயந்தரம் 6 மணிக்கு மேல உள்ள நிக்கவே இடமிருக்காது. சின்னக் குழந்தைங்களோட வர்றவங்க 10 மணிக்கே வந்துடுங்க. 11 மணிக்குக் கதை சொல்றோம், பாய் விரிச்சிருக்கும்.

[பக்கம் புரளும் சத்தம்]

பச்சை ஸ்டிக்கர் 3 வயசு வரைக்கும். கெட்டி அட்டை, முனை மழுங்கினது, கடிச்சாலும் சட்டுனு கிழியாது. மஞ்சள் 4லருந்து 7. சிவப்பு 8லருந்து 12. ஆனா ஸ்டிக்கரை மட்டும் நம்பாதீங்க. நடுப்பக்கம் ஒன்னைத் திறந்து, குழந்தையைச் சத்தமா வாசிக்கச் சொல்லுங்க. தடுக்குற ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு விரலை மடக்கட்டும். அஞ்சு விரலும் மடங்கிட்டா, அது நீங்க படிச்சுக் காட்ட வேண்டிய புத்தகம். ஒரு விரல்கூட மடங்கலைனா, பரவாயில்லைங்க, ஆசைப்பட்டா வாங்கிக் குடுங்க. சுலபமா ஓடுற புத்தகத்தைத்தான் திரும்பத் திரும்ப எடுப்பாங்க.

கைடு, வினா வங்கி எதுவும் இந்த எட்டு நாளும் மேஜைல இருக்காது. கேட்டாலும் எடுத்துத் தர மாட்டோம்!

[சிறு இடைவெளி]

பில் போடறதுக்கு முன்னாடி பக்க எண்ணை ஒரு தடவை ஓட்டிப் பாத்துருங்க. 16 பக்கம் ஒரு ஃபாரமா மடிச்சுக் கோக்கறப்போ சில சமயம் ஒரு ஃபாரம் விட்டுப்போகும், இல்லைனா ஒன்னே ரெண்டு தடவை வந்துடும். வீட்டுக்குப் போய்ப் பாத்தாலும் கவலையில்லை. பில்லோட 10 நாளுக்குள்ள வந்தா மாத்தித் தர்றோம்.

படிச்சு முடிச்ச கதைப் புத்தகம் இருந்தா, ஆளுக்கு அஞ்சு வரைக்கும் கொண்டாந்து வேற மாத்திக்கலாம். கிழிசல் இருக்கக் கூடாது. பாடப்புத்தகம் வேண்டாம்.

துணிப்பை ஒன்னு எடுத்துக்கங்க. கூட்ட நேரத்துல ஃபோன்ல பணம் அனுப்பறது சுத்திக்கிட்டே நிக்கும், கொஞ்சம் ரொக்கமும் வெச்சுக்கங்க. அப்புறம், வர்ற வழியில தட்டுவடை செட்டு சாப்பிட்டா வாசல்ல பக்கெட்டும் சோப்பும் இருக்கு. கை கழுவிட்டு உள்ள வாங்க. பீட்ரூட் கறை காகிதத்துல பட்டா போகவே போகாதுங்க.

[இசை உயர்ந்து]

டிசம்பர் 25 முதல் ஜனவரி 1 வரை. கடைசி நாள் மட்டும் 8 மணிக்கே பில்லை மூடிடுவோம், ஸ்டாக் எண்ணணும்.